U-வா, H-ஆ? ஆறு மாதம் ஓட்டிய பிறகு இரண்டு லேப்டாப்கள்

அறுபது, எழுபதாயிரம் ரூபாய்க்குள் லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனால், கடைசியில் பெரும்பாலும் இரண்டு மெஷின்களுக்கு நடுவில்தான் வந்து நிற்போம். ஒன்று ஒல்லியாக, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். இன்னொன்று தடியாக, இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும், உள்ளே தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு. இரண்டின் மேலும் i5 ஸ்டிக்கர், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. "அதே காசுக்கு கார்டும் வருதே" என்று கடைக்காரர் சொல்லும்போது மறுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பேட்டரி, சூடு, சத்தம் மூன்றையும் தீர்மானிப்பது பிராசஸர் பெயரின் கடைசி எழுத்து. அது U-வா, H-ஆ என்று பார்க்காமல் பில் போடக்கூடாது.

இங்கே ஒப்பிடுவது i5-1335U போட்ட ஒரு மெஷினையும், i5-12450H-உடன் 4 ஜிபி RTX 2050 கார்டு போட்ட இன்னொன்றையும். இரண்டிலும் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 50 வாட்-மணி பேட்டரி. ஆறு மாதமாக ஒரே மாதிரி வேலை: தினமும் ஐந்தாறு மணி நேரம் பிரவுசர், எக்செல், வீடியோ கால், வாரக் கடைசியில் கொஞ்சம் வீடியோ எடிட்டிங். U சிப்பின் அடிப்படை மின்செலவை 15 வாட் என்று இன்டெல் குறிக்கிறது, H சிப்புக்கு 45 வாட். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எகிறும்போது முதலாவது 55 வரை, இரண்டாவது 95 வரை போகலாம். ஆறு மாதத்தில் தெரிந்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்த நான்கு எண்களிலிருந்து வருபவை.

பேட்டரி

"பத்து மணி நேரம் நிற்கும்" என்ற விளம்பர வரியை மறந்துவிட்டு ஒரு வகுத்தல் கணக்கு போட்டால் போதும். பேட்டரியின் வாட்-மணியை மெஷின் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதை HWiNFO என்ற இலவச மென்பொருள் காட்டும்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரிப் பகுதியில் `Charge Rate` என்ற வரியைப் பாருங்கள். மைனஸ் குறியோடு தெரிவதுதான் இழுக்கும் வாட்.

பாதி வெளிச்சத்தில், பிரவுசரும் எக்செல்லும் திறந்திருக்கும்போது U மெஷின் சராசரியாக 6.5 வாட் இழுக்கிறது. புதிதில் அது ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே வேலைக்கு H மெஷின் 11 வாட் இழுத்தது, அதாவது நாலரை மணி நேரம். இதைப் பார்த்தவுடன் H சிப்தான் மின்சாரத்தைக் குடிக்கிறது என்று தோன்றும். உண்மையில் சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு சிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் வாட் வேறு மூன்று வழிகளில் ஒழுகுகிறது, மூன்றையும் ஓரளவு அடைக்கலாம்.

முதலாவது, தனி கிராஃபிக்ஸ் கார்டு தூங்காமல் இருப்பது. வேலை இல்லாதபோது அது முழுசாக அணைந்துவிட வேண்டும். ஏதாவது ஒரு செயலி அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் சும்மாவே சில வாட் போகும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Desktop` மெனுவுக்குள் `Display GPU Activity Icon in Notification Area` என்பதை டிக் செய்தால், கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் வரும். அதை அழுத்தினால் கார்டைப் பிடித்திருக்கும் செயலியின் பெயர் தெரியும். இந்த மெஷினில் பிடித்திருந்தது ஒரு சாட் செயலி. விண்டோஸ் செட்டிங்கில் `System > Display > Graphics` பக்கத்தில் அந்தச் செயலிக்கு `Power saving` என்று மாற்றியதும் கார்டு அணைந்தது, 2 வாட் குறைந்தது. இரண்டாவது, 144 ஹெர்ட்ஸ் திரை. பேட்டரியில் இருக்கும்போது 60-க்கு இறக்கினால் ஏறக்குறைய அரை வாட் மிச்சம். மூன்றாவது, டர்போ. ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும் அந்த ஒரு நொடிக்கு H சிப் நாற்பது, ஐம்பது வாட்டுக்கு எகிறி இறங்கும். நாள் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான முறை நடக்கும். பேட்டரியில் மட்டும் டர்போவை நிறுத்த மூன்று வரி போதும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
powercfg /setdcvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 99
powercfg /setdcvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX1 99
powercfg /setactive scheme_current
```

பிராசஸர் வேகத்தின் உச்சவரம்பு 100-லிருந்து 99 ஆனதும் டர்போ மொத்தமாக நின்றுவிடும். `dc` என்பது பேட்டரி நிலையைக் குறிப்பதால் சார்ஜரைச் செருகினால் பழைய வேகம் திரும்பிவிடும். வேண்டாமென்றால் 99-க்குப் பதில் 100 கொடுத்து மறுபடி ஓட்டினால் சரி. மூன்றும் சேர்ந்து 11 வாட் 7.5 ஆனது. நாலரை மணி நேரம் நின்ற மெஷின் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. டர்போ இல்லாததால் பெரிய எக்செல் ஃபைல் திறக்கும்போது ஒரு மந்தம் தெரியும். டைப் அடிக்கவும் படிக்கவும் தெரியாது.

அடுத்தது தேய்மானம். `powercfg /batteryreport` என்று கொடுத்தால் ஒரு HTML ஃபைல் உருவாகி, அது இருக்கும் இடத்தையும் காட்டும். அதில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY`, `CYCLE COUNT` மூன்றையும் பாருங்கள். ஆறு மாதம் கழித்து U மெஷினில் 50,000-க்கு 48,100 மில்லிவாட்-மணி இருந்தது, 62 சைக்கிள். H மெஷினில் 45,600, வெறும் 31 சைக்கிள். பாதி அளவே பயன்படுத்திய பேட்டரி ஏன் இருமடங்குக்கு மேல் தேய்ந்தது?

லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஆகி இறங்குவதை மட்டும் வைத்து வயது ஏறுவதில்லை. முழு சார்ஜில், சூட்டில் சும்மா கிடப்பதும் அதைத் தின்னும். H மெஷின் பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடு 100 சதவீதத்தில் இருந்தது. வீடியோ ரெண்டர் ஓடும்போது பேட்டரியும் சேர்ந்து சூடானது. ஆகவே மேஜையில் வைத்து ஓட்டுகிறவர்கள் வாங்கிய அன்றே 80 சதவீத வரம்பைப் போட்டுவிட வேண்டும். அது விண்டோஸில் இல்லை, தயாரிப்பாளரின் செயலியில் இருக்கும்: லெனோவோ என்றால் Vantage, ஆசஸ் என்றால் MyASUS. சில மாடல்களில் பயாஸுக்குள் இருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அந்த 20 சதவீதத்தை விட மனம் வராது, ஆனால் U மெஷினில் 80 சதவீதமே கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

அறிக்கையில் வரும் அளவு ஒரு மதிப்பீடு, வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கும். கீழே வரும் `Battery capacity history` பட்டியலில் மாதக் கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஆறே மாதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அது சாதாரணத் தேய்மானம் அல்ல. அந்த அறிக்கையோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பேட்டரிக்கு வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம்தான், தள்ளிப்போட வேண்டாம். டச்பேட் அழுத்த முடியாமல் இறுகிப்போனாலோ, தட்டையான மேஜையில் மெஷின் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

இரண்டு மெஷினுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மூடி வைத்தால் முழுசாகத் தூங்குவதில்லை. `powercfg /a` கொடுத்துப் பார்த்தால் `Standby (S0 Low Power Idle)` என்று வரும். திரை மட்டும் அணைந்து, உள்ளே நெட்டோடு தொடர்பு இருந்துகொண்டே இருக்கும் தூக்கம் இது. ராத்திரி 90 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 80 இருக்கும், மோசமான நாளில் பைக்குள் சூடாகிக் கிடக்கும். மூடியை மூடினால் `Hibernate` ஆகும்படி கண்ட்ரோல் பேனலின் `Power Options`-ல் மாற்றிவிட்டால் தீர்ந்தது. திறக்கும்போது பத்து, பதினைந்து நொடி காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

சூடும் சத்தமும்

இவை இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும்.

பத்து நிமிட 1080p வீடியோவை கிராஃபிக்ஸ் கார்டின் உதவி இல்லாமல், சிப்பை மட்டும் வைத்து ரெண்டர் செய்தோம். U மெஷின் முதல் அரை நிமிடம் 45 வாட்டில் பாய்ந்தது, வெப்பம் 95 டிகிரியைத் தொட்டது. பிறகு தயாரிப்பாளர் வைத்த வரம்புக்கு, 20 வாட்டுக்கு, இறங்கி 74 டிகிரியில் நிலைத்தது. 15 நிமிடத்தில் வேலை முடிந்தது. H மெஷின் 45 வாட்டில், 88 டிகிரியில் உறுதியாக நின்று 10 நிமிடத்தில் முடித்தது. கடையில் ஒரு நிமிடம் தட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே வேகமாகத் தெரிவதற்குக் காரணம் அந்த முதல் அரை நிமிடம்தான்.

இது ஏசி அறையில், 27 டிகிரியில் எடுத்த கணக்கு. ஒரே வாட்டில், ஒரே ஃபேன் வேகத்தில் அறை எவ்வளவு சூடாகிறதோ ஏறக்குறைய அவ்வளவு சிப்பும் சூடாகும். மே மாத மத்தியானம், 36 டிகிரி அறையில் U மெஷின் 74-லிருந்து 83-க்குப் போனது, வேகம் மாறவில்லை. H மெஷினுக்கு 97 ஆகியிருக்க வேண்டும், ஆனால் இந்த மாடலில் வரம்பு 95 என்பதால் தானாகவே 41 வாட்டுக்கு இறங்கிக்கொண்டது. HWiNFO-வில் `Core Thermal Throttling` வரி `Yes` என்று மாறும்போது நடப்பது இதுவே. பயப்பட ஒன்றுமில்லை, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் H-க்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு நம் ஊர் வெயிலில் திரும்பிப் போகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஃபேன் வைத்த கூலிங் பேட் வாங்குவதற்கு முன், பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்துப் பாருங்கள். காற்று அடிப்பக்கம் வழியாக உள்ளே போகிறது, மேஜைக்கும் மெஷினுக்கும் நடுவில் இருப்பதோ சில மில்லிமீட்டர் இடைவெளி. பின்பக்கம் அந்த அளவு உயர்ந்ததும் H மெஷினில் 4 டிகிரி குறைந்தது. மெத்தை மேல் வைத்தால் இதற்கு நேர் எதிர்: காற்று நுழையும் துளை மூடிக்கொள்ளும்.

சத்தத்தில் H மெஷின் இரண்டு பெரிய ஃபேன்களோடு காற்று இரைகிற மாதிரிக் கனமாகக் கத்தும். U மெஷினில் ஒரே சின்ன ஃபேன், சத்தம் குறைவு, ஆனால் மெல்லிய கீச்சுக் குரல். மேலே சீலிங் ஃபேன் நாலில் சுற்றும் அறையில் U மெஷின் இருப்பதே தெரியாது, H மெஷின் ரெண்டர் செய்யும்போது மட்டும் தெரியும். ஏசி போட்டு ஃபேனை நிறுத்திய அறையில்தான் உண்மை வெளிவரும். தொடர்ந்து வரும் இரைச்சலைக் காது பழகிக்கொள்ளும். விட்டுவிட்டு வருவதுதான் படுத்தும்: ஒரு பக்கம் திறந்தால் ஃபேன் எழும், ஐந்து நொடியில் அடங்கும், அடுத்த பக்கத்துக்கு மறுபடி எழும். டர்போவின் சின்னச் சின்னப் பாய்ச்சல்களை ஃபேன் துரத்துவதால் வருவது இது. மேலே சொன்ன 99 வைத்தியத்தை `setdcvalueindex` என்பதற்குப் பதில் `setacvalueindex` என்று போட்டு சார்ஜரில் இருக்கும்போதும் செய்தால் நின்றுவிடும். வீடியோ கால் நேரத்துக்கு மட்டும் அப்படி வைத்துக்கொள்வது நல்லது, எதிர்முனையில் இருப்பவர்களுக்கு மைக் வழியாகக் கேட்பது அந்த எழும்பல்தான்.

ஆறு மாதத்தில் சத்தம் கூடியிருந்தால் தூசிதான் முதல் சந்தேகம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஃபேன் காற்றை அனுப்பும் அந்தச் செம்புத் தகடுகளின் வாயில்தான், தகடுகளுக்கும் ஃபேனுக்கும் இடையே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். துணி நூலும் முடியும் தூசியும் சேர்ந்து நெய்தது அது. வெளியிலிருந்து ஊதினால் அது பின்னால் நகர்ந்து ஃபேனில் சிக்கும், அவ்வளவே. உள்ளேயிருந்து எடுக்க வேண்டும். மெஷினை முழுசாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு, படலத்தை மழுங்கிய இடுக்கியால் உரித்து எடுத்து, மீதியை மென்மையான பிரஷால் தள்ளுங்கள். காற்றடித்து ஃபேனைச் சுழலவிட்டால் பேரிங் கெடும். மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அட்டையைப் படித்துவிட்டுத் திறங்கள்.

தூசியா, தெர்மல் பேஸ்ட்டா என்று குழப்பம் வந்தால் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் காற்று பலவீனமாக, கொதிக்கக் கொதிக்க வந்தால் தூசி. காற்று தாராளமாக, வெதுவெதுப்பாக மட்டும் வந்து, வேலை கொடுத்த ஓரிரு நொடியிலேயே சிப் 95-க்குப் பாய்ந்தால் சூடு தகட்டுக்கே வந்து சேரவில்லை, பேஸ்ட்டைச் சந்தேகிக்கலாம். ஆறு மாதத்தில் பேஸ்ட் காய்ந்து போவது அபூர்வம். இந்த இரண்டு மெஷினிலும் சுத்தம் செய்ததே போதுமாக இருந்தது: 36 டிகிரி அறையிலும் H மறுபடி 43 வாட் பிடித்தது.

மனதை உறுத்தும் சில

U மெஷினில் ரேம் விஷயம். 8 ஜிபி போர்டோடு பற்றவைத்தது, இன்னொரு 8 ஸ்லாட்டில் போட்டது. இந்த மாடலையே 8 ஜிபியோடு சற்று மலிவாக விற்கிறார்கள், அதை வாங்கினால் ஸ்லாட் காலியாக இருக்கும். அப்போது ரேம் ஒற்றைச் சேனலில் ஓடும், சிப்போடு வரும் Iris Xe கிராஃபிக்ஸ் தன் பெயரையே UHD என்று மாற்றிக்கொள்ளும். பெயர் மட்டுமல்ல, வேகமும் குறையும். டாஸ்க் மேனேஜரின் `Performance` பக்கத்தில் `Memory`-யை அழுத்தி `Slots used` என்ற வரியைப் பாருங்கள். ரேம் முழுக்கப் பற்றவைத்து, ஸ்லாட்டே இல்லாத மாடல் என்றால் 16-க்குக் குறைவாக வாங்கவே வேண்டாம், பிறகு சேர்க்க வழியே இல்லை.

இரண்டிலும் திரைதான் பெரிய வருத்தம். ஸ்பெக் ஷீட்டில் `250 nits`, `45% NTSC` என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சத்தை முழுசாக ஏற்றியும் கண் சுருக்க வேண்டியிருக்கிறது. சிவப்பு செங்கல் நிறத்துக்கு மங்குகிறது, அதனால் இதில் நிறம் திருத்திய போட்டோ போனில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கிறது. பிராசஸரைப் போல இதை எந்த செட்டிங்கிலும் சரிசெய்ய முடியாது. `300 nits`, `100% sRGB` இருக்கும் மாடலுக்கு நாலைந்தாயிரம் கூடுதலாகக் கேட்டால், அதற்காக ஒரு தலைமுறை பழைய சிப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து.

H மெஷினின் உறுத்தல் அதன் சார்ஜர். 150 வாட், உருண்டைப் பின், அரைக் கிலோவுக்கு மேல் கனம். டைப்-சி துளை இருந்தும் அதில் சார்ஜ் ஏறாது. துளையின் பக்கத்தில் `PD` குறியோ பேட்டரிப் படமோ இல்லையென்றால் பெரும்பாலும் இப்படித்தான். கடையிலேயே ஒரு 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். U மெஷின் அந்த 65 வாட் சார்ஜரில் போனோடு பகிர்ந்து ஓடுகிறது, கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டருக்கும் அது ஒரு சுமையே அல்ல.

கல்லூரி, கணக்கு, அலுவலக வேலை, தினமும் பையில் தூக்கிப் போவது என்றால் U-வை வாங்குங்கள், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம். வாரத்தில் பல மணி நேரம் ரெண்டர், பெரிய கோட் கம்பைல், 3டி, விளையாட்டு என்று சிப் தொடர்ந்து உழைக்கப் போகிறது என்றால் H. டர்போவை நிறுத்தி H-ஐ சாதுவாக்க முடியும், 20 வாட்டில் அடங்கிப்போகும் U-விடமிருந்து அந்தப் பத்து நிமிட ரெண்டரை வாங்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால், இப்போது வைத்திருக்கும் மெஷினில் ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சிபியு அளவு ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து 80 சதவீதத்தைத் தாண்டி நிற்பது நாளுக்கு ஒரு முறைகூட இல்லையென்றால், H-இன் அந்தக் கூடுதல் வாட் உங்களுக்கு ஃபேன் சத்தமாக மட்டுமே வந்து சேரும்.